‘முடியாது’ என்பதை எங்கே சொல்வது?

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையில் ஐம்பது வருஷம் முன்னால் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு மாட்டு வண்டியைப் பார்த்தாலே பெரிய விஷயம். இன்று விடியற்காலை நாலரைக்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. எல்லாம் ஒரகடம் பக்கம் போகிறவை. 2010 மார்ச்சில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை அங்கே திறக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரனும் ஜப்பானியனும் சேர்ந்து, நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் கார் செய்ய ஆரம்பித்த இடம். அதைச் சுற்றி உதிரிபாகம் செய்து கொடுக்கிற கம்பெனிகள் ஏராளம். நம் தெருவில் தறி இருந்த வீட்டுப் பையன்கள் பல பேர் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு உதிரிபாகக் கம்பெனியில் என் தங்கை பையன் இருக்கிறான். கம்பெனி பெயர் வேண்டாம். சில வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தான். "மாமா, நீங்க பிரெஞ்சு படிச்சவர்தானே, இந்த ஆளு எழுதியிருக்கறத பாருங்க. இது மரியாதையா, நீங்களே சொல்லுங்க" என்றான்.

கடிதம் பிரெஞ்சில் இல்லை, ஆங்கிலத்தில்தான் இருந்தது. கார் கம்பெனியின் பிரெஞ்சு அதிகாரி எழுதியது. முதல் வரியிலேயே, செலவுக் கணக்கை உடனே அனுப்பும்படி ‘டிமாண்ட்’ செய்கிறோம் என்று இருந்தது. பையனுக்கு அந்த வார்த்தைதான் சுட்டுவிட்டது. "நாங்க என்ன கடன்காரனா மாமா, டிமாண்ட் பண்றதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் ‘தெமாந்தே’ என்றால் ‘கேட்பது’, அவ்வளவுதான். கடையில் போய்த் தண்ணீர் கேட்டாலும் அதே வார்த்தைதான். அந்த மனிதர் பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அனுப்புங்கள் என்று சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

ஆனால் அதே கடிதத்தில் கீழே இன்னொரு வரி இருந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரியை வைத்து இவர்கள் லட்சக்கணக்கில் சரக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். விஷயம் புரிய வேண்டுமென்றால் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கதவின் உள்பக்கம் வருகிற ஒரு பிளாஸ்டிக் பாகம். இவர்கள் கேட்ட விலை ஒன்றுக்கு 32 ரூபாய். அதில் பிளாஸ்டிக் 19 ரூபாய் 80 காசு. மெஷின் ஓட்டுகிற செலவு 6 ரூபாய். வீணாகிறது 80 காசு. பேக்கிங்கும் வண்டி வாடகையும் 1 ரூபாய் 40 காசு. மீதி 4 ரூபாய் ஆபீஸ் செலவும் லாபமும். கார் கம்பெனி மனதில் வைத்திருந்த விலை 29. இரண்டு தடவை மீட்டிங் நடந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதத்தில், 31 ரூபாயை ‘ஈவென்சுவலி’ ஏற்கக் கூடும் என்று அந்த அதிகாரி எழுதியிருந்தார்.

ஆங்கிலம் படித்தவனுக்கு அதன் அர்த்தம் என்ன? கடைசியில் எப்படியும் ஒத்துக்கொள்வோம் என்பது. கம்பெனி முதலாளியும் அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு வேண்டிய பிளாஸ்டிக் குருணைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். ஆனால் பிரெஞ்சில் ‘எவந்துயெல்மான்’ என்று ஒரு சொல் உண்டு. பார்க்கவும் கேட்கவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அர்த்தம் வேறு. ‘ஒருவேளை’, ‘சந்தர்ப்பம் வந்தால்’ என்பதுதான் அது. அந்த மனிதர் எழுதியது, "ஒருவேளை 31-க்கு ஒத்துக்கொண்டாலும் கொள்வோம், கணக்கைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்று. சம்மதம் வந்தாகிவிட்டது என்று இவர்கள் நினைத்தார்கள். அவரோ பேச்சுவார்த்தை இப்போதுதான் ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் மெஷின் செலவுக்கு ஆதாரம் கேட்டிருந்தார். இவர்கள் அதை, பேசி முடித்த பிறகு வாக்கு மாறுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வார்த்தையால் வந்த குழப்பம் என்று இதை விட்டுவிடலாம். ஆனால் அன்று சாயங்காலம் பையனிடம் பேசப் பேச, வார்த்தைக்குப் பின்னால் வேறு ஒன்று இருப்பது தெரிந்தது. "முதல் மீட்டிங்ல அவர் 29-னு சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "பாக்கறோம் சார்னு சொன்னோம்" என்றான். "29-க்கு முடியுமாடா?" "எப்படி மாமா முடியும், கட்டுப்படியே ஆகாதே!" "அதை அவர்கிட்ட சொன்னீங்களா?" "மூஞ்சிக்கு நேரா எப்படி மாமா சொல்றது? அதான் பாக்கறோம்னு சொன்னோமே."

இதுதான் விஷயம். நம் ஊரில் ‘பாக்கறோம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரருக்குத் தெரியாது. பார்க்கப் போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் வார்த்தை புரியவில்லை. இந்தப் பக்கம் மௌனம் புரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஏன் இப்படி முகத்துக்கு நேரே பேசுகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே மார்க் இருபதுக்கு. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பாசாக பத்து போதும். பன்னிரண்டு வாங்கினால் ‘அஸே பியான்’, ஓரளவு நன்று. பதினாறு வாங்கினால் மிக நன்று. பன்னிரண்டு என்பது நம் கணக்கில் அறுபது சதவீதம், அதோடு வீட்டுக்குப் போனால் இங்கே அடி விழும். அங்கே அதற்குப் பாராட்டு. கட்டுரையைத் திருத்தித் தரும்போது ஓரமெல்லாம் சிவப்பு மையாக இருக்கும். எது தப்பு, ஏன் தப்பு என்று வகுப்பு முழுக்கக் கேட்க வாத்தியார் படிப்பார். நல்ல கட்டுரைக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு ‘பா மால்’. நேராகச் சொன்னால் ‘மோசமில்லை’. நானும் முதல் வருஷம் அழுதிருக்கிறேன். பிறகு புரிந்தது. அவர் திருத்துவது கட்டுரையை, என்னை இல்லை. மறுநாள் காலை அதே வாத்தியார் கை குலுக்கி நலம் விசாரிப்பார்.

அப்படி வளர்ந்தவர் பெரியவராகிக் கம்பெனிக்கு வந்து, "இந்தக் கணக்கு நிற்காது" என்று சொன்னால், அவர் மனதில் அது வேலையைப் பற்றிய பேச்சு. எதிர்த்து வாதாடுவார்கள் என்று எதிர்பார்ப்பார். வாதாடாமல் உட்கார்ந்திருந்தால், இவர்களிடம் பதில் இல்லை என்று முடிவு கட்டுவார். பிலிப் திரிபார்ன் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பிரான்ஸ், அமெரிக்கா, நெதர்லாந்து மூன்று இடங்களிலும் தொழிற்சாலைகளில் இருந்து பார்த்து 1989-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிரெஞ்சுக்காரனுக்குத் தன் தொழிலின் கௌரவம் பெரிது என்பது அதன் சாரம். அந்தக் கௌரவத்தின்படி, தப்பைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கேவலம்.

நம் வழி வேறு. அது மட்டமான வழி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் தெருவில் நெசவாளி புடவையை அறுத்துக்கொண்டு முதலாளி வீட்டுத் திண்ணைக்கு வருவதைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாயில் புடவையை விரிப்பார்கள். முதலாளி கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு இடத்தில் விரல் நிற்கும். ஒன்றும் சொல்ல மாட்டார். புடவையைத் திருப்பி அதே இடத்தைப் பின்பக்கம் பார்ப்பார். பிறகு, "இந்தத் தடவை பாவு சரியில்லையோ?" என்பார். நெசவாளி, "ஆமாங்க, கொஞ்சம் இழை அறுந்துகிட்டே இருந்துச்சு" என்பார். பாவு நன்றாகத்தான் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும். தப்பு எங்கே என்பதும் தெரியும். பழி பாவு மேல் போய்விட்டது, மனிதன் தப்பித்தான். கூலியில் கொஞ்சம் குறையும். அடுத்த புடவை சரியாக வரும். இதைவிட நுணுக்கமாக ஒருவன் வேலையைத் திருத்த முடியுமா?

ஆனால் இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் ஒரே தெருவில் முப்பது வருஷம் இருந்திருக்க வேண்டும். விரல் நின்ற இடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதுவும் இப்படித்தான். துண்டுக்குள் நடப்பது இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். பாரிசிலிருந்து வந்தவருக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது ஆள் ஜப்பானியர். இவர்கள் கம்பெனி விவகாரத்தில் தர அதிகாரியாக ஒருவர் வந்துபோவார். இரண்டு மீட்டிங்கிலும் அவர் வாயே திறக்கவில்லை என்றான் பையன். "அவர் நம்ம பக்கம் மாமா, எல்லாத்துக்கும் தலையாட்டினார், ஹை ஹைன்னார்." அந்த ‘ஹை’ சம்மதம் இல்லை, காதில் விழுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அவர்கள் ஒரு விஷயத்தை ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’ என்றால், பெரும்பாலும் அது நம்முடைய ‘பாக்கறோம்’தான்.

ஜப்பானியர் வழி எனக்கு அன்னியமாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் என் ஆபீஸ் வாழ்க்கை. அவர்களிடம் ‘ரிங்கி’ என்று ஒரு முறை உண்டு. கீழே இருப்பவர் ஒரு யோசனையைக் காகிதத்தில் எழுதுவார். அது ஒவ்வொரு மேஜையாக மேலே போகும். ஒவ்வொருவரும் தன் முத்திரையைக் குத்துவார். நம் குறிப்புக் கோப்பு தவிர இது வேறென்ன? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காகிதம் கிளம்பும் முன்பே எழுதியவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி, ஆட்சேபணைகளைக் கேட்டுத் திருத்திவிடுவார். ‘நெமவாஷி’ என்று அதற்குப் பெயர். பெரிய மரத்தை வேறு இடத்தில் நடும் முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவார்களே, அந்தத் தோட்ட வேலையின் பெயர். ஆகவே மீட்டிங் என்பது அவர்களுக்கு முடிவை அறிவிக்கிற இடம். அங்கே போய் "இது தப்பு" என்று ஒருவர் சொன்னால், வேர் பக்குவப்படாத மரத்தைப் பிடுங்கியது போல.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானியர் ‘முடியாது’ என்பதை மீட்டிங்குக்கு முன் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர் மீட்டிங்கில் சொல்கிறார். நம்மவர் மீட்டிங் முடிந்து டீக்கடையில் சொல்கிறார். மூன்று பேரும் நேர்மையானவர்கள்தான். ஒரே மேஜையில் உட்கார்ந்தும் மூன்று வெவ்வேறு நேரங்களில் இருக்கிறார்கள்.

பையன் விவகாரம் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். நான் இரண்டு யோசனைதான் சொன்னேன். ஒன்று, 31 என்று முடிவாகிவிட்டதா, இன்னும் பேச்சில் இருக்கிறதா என்று அந்த வரியைக் காட்டி நேராகக் கேட்டு எழுது. இரண்டு, செலவுக் கணக்கை மறைக்காமல் அனுப்பு, 29-க்கு ஏன் முடியாது என்பதைக் காரணத்தோடு எழுது, கெஞ்சாதே. "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்" என்பது நம் பேரத்தில் அழகான வாக்கியம். பிரெஞ்சுக்காரர் காதில் அது, கேட்ட விலையில் இன்னும் இடம் இருக்கிறது என்று விழும். பையன் முதலாளிக்குக் கணக்கைக் காட்ட மனசே இல்லை. லாபத்தைக் காட்டினால் அதில் கை வைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் தப்பும் இல்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் அனுப்பினார்.

பதில் இரண்டே நாளில் வந்தது. பிளாஸ்டிக் விலையை ஒத்துக்கொண்டார். மெஷின் செலவை மட்டும் கேள்வி கேட்டார். ஒரு பாகம் வார்க்க 45 விநாடி ஏன் ஆகிறது? இதற்குள் ஜப்பானியரைத் தனியாகப் பார்த்துப் பேசும்படி பையனிடம் சொல்லியிருந்தேன். மீட்டிங்கில் பேசாத மனிதர், தொழிற்சாலைக்கே வந்து மெஷின் பக்கத்தில் ஒரு முழு நாள் நின்றார். நிறுத்துக் கடிகாரத்தோடு. அச்சு ஆறுவதற்கு அதிக நேரம் எடுக்கிறது, குளிர்நீர் ஓட்டம் ஒரு பக்கம் குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ததும் 45 விநாடி 36 ஆனது. மணிக்கு 80 வந்த இடத்தில் 100 வந்தது. மெஷின் செலவு 6 ரூபாயிலிருந்து 4 ரூபாய் 80 காசாக இறங்கியது. வளைந்து கழிகிற பாகமும் பாதியானதால் அதில் 40 காசு மிச்சம். கடைசியில் 30 ரூபாய் 40 காசுக்கு முடிந்தது. குறைந்த 1 ரூபாய் 60 காசும் மெஷினிலிருந்து வந்தது, லாபத்திலிருந்து ஒரு காசும் போகவில்லை. இதைப் பேரம் என்பதா, வைத்தியம் என்பதா?

இது சின்ன விஷயம். பெரிய அளவிலும் இதே பக்கத்தில் நடந்திருக்கிறது. 2015-ல் வந்த ‘க்விட்’ கார் ஞாபகம் இருக்கும். ஆரம்ப விலை சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். அந்தத் திட்டத்தை நடத்திய ழெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுக்காரர், பாரிசிலிருந்து உத்தரவு போடாமல் சென்னையிலேயே வந்து தங்கினார். பிரெஞ்சு, ஜப்பானிய, இந்திய ஆட்களைக் கொண்ட குழுவை இங்கேயே வைத்தார். பாகங்களில் 98 சதவீதம் இந்தியாவில் செய்தவை என்று கம்பெனி சொன்னது. விலை அடங்க வேண்டுமானால், பாகம் வாங்குபவரும் அதை வரைகிறவரும் செய்து கொடுப்பவரும் ஒன்றாக உட்கார வேண்டும். விலையைக் குறைக்க முடியாவிட்டால் படத்தை மாற்றலாம். சக்கரத்துக்கு மூன்று நட்டு போதும் என்பது போன்ற முடிவுகள் அப்படித்தான் சாத்தியமாகும். படத்தைப் பாரிசிலும் விலையை ஒரகடத்திலும் பேசினால் ‘பாக்கறோம் சார்’தான் மிஞ்சும். இப்படி அடக்குவதற்கு ஒரு விலையும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அந்தக் கார் முதலில் ஒரு நட்சத்திரம் கூட வாங்கவில்லை. திருத்திய மாடல் பிறகு ஒன்று வாங்கியது.

கடைசியாக ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் கலாசாரம், தமிழன் முகத்துக்கு நேரே பேசமாட்டான் என்று மேனேஜ்மென்ட் புத்தகக்காரர்கள் முடித்துவிடுவார்கள். நான் அதை முழுக்க நம்பவில்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், ஒரகடம் தொழிற்சாலையின் தொழிலாளர் சங்கம் பாதுகாப்பு போதாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. எந்த பிரெஞ்சுக்காரனும் இதைவிட நேராகப் பேசியிருக்க முடியாது. அவர்களும் நம் பிள்ளைகள்தான். வித்தியாசம் என்ன? பின்னால் சங்கம் இருந்தது. சொன்னால் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியம் இருந்தது.

என் சர்வீஸிலும் இதைப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரி முன் ‘சரிங்க சார்’ தவிர வாய் திறக்காத மனிதர், குறிப்புக் கோப்பில், "விதிப்படி இதற்கு இடமில்லை என்பது பணிந்து தெரிவிக்கப்படுகிறது" என்று தைரியமாக எழுதுவார். வாயால் சொன்னால் திமிர், காகிதத்தில் எழுதினால் கடமை. அந்தக் காகிதம் அவருக்கு ஒரு குடை.

ஆகவே அன்னியக் கம்பெனிகள் நம் பிள்ளைகளை ஒரு நாள் வகுப்பில் உட்காரவைத்து, தைரியமாகப் பேசுங்கள் என்று சொல்வதால் பயனில்லை. அவர்கள் செய்ய வேண்டியது, மீட்டிங்குக்கு முந்தின நாள், என்ன ஆட்சேபணை என்று எழுத்தில் கேட்பது. எழுதியவனுக்கு அதனால் கெடுதல் வராது என்பதை ஒரு தடவையாவது செய்து காட்டுவது. மீட்டிங் முடிந்ததும் எது முடிவு, எது இன்னும் பேச்சில் இருக்கிறது என்று இரண்டு பட்டியலாக எழுதி அனுப்புவது. நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். ‘பாக்கறோம்’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ‘இந்த விலைக்கு முடியாது, இன்னின்ன மாற்றம் செய்தால் முடியும்’ என்று சொல்லிப் பழகுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தங்கை பையன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். போன மாதம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. அவன் கொடுத்த ஒரு வேலைக்கு அந்த பிரெஞ்சு அதிகாரி ‘நாட் பேட்’ என்று பதில் எழுதியிருந்தாராம். "மாமா, பதினாறு மார்க் வாங்கிட்டேன்" என்றான்.